கிரந்த எழுத்து வேண்டுமா என்பதை அது நிற்கும் இடம் சொல்லும்

கேள்வி: தமிழில் எழுதும்போது ஜ, ஷ, ஸ, ஹ போடலாமா, கூடாதா? போட்டால் தமிழ்ப் பற்று இல்லை என்கிறார்கள். போடாவிட்டால் பெயரையே கெடுத்துவிட்டாய் என்கிறார்கள். எதைத்தான் பின்பற்றுவது?

பதில்:

நீங்கள் எழுதிக் கொடுத்த ஏதோ ஒன்றை யாரோ நாலு பேர் முன்னால் திருத்தியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். இந்த வழக்கு எங்கள் மேசைக்கு வராத முகூர்த்த மாதமே கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தனித்தமிழுக்கு எதிரி இல்லை. கிரந்தம் இல்லாமல் எழுத முடிகிற இடத்தில் இல்லாமல்தான் எழுதுகிறேன். கிரந்தத்துக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

என் பதில் இதுதான்: எந்த எழுத்து என்று பார்க்காதீர்கள், அது சொல்லில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தமிழ் எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். பத்திரிகையிலேயே காட்டுகிறேன். 'சிரஞ்சீவி' என்று போடுகிறோம். அதில் ஜ இல்லை, ஆனால் படிக்கிற எல்லார் வாயிலும் ஜ ஒலிதான் வருகிறது, ஏனென்றால் ஞ் பக்கத்தில் நிற்கும் ச அப்படித்தான் ஒலிக்கும். இஞ்சி, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் அதே கணக்கு. அதனால் 'சிரஞ்ஜீவி' என்று எழுதுவது வீண். 'முகூர்த்தம்' என்பதும் அப்படித்தான். இரண்டு உயிருக்கு நடுவே க வந்தால் தொண்டையில் இளகி ஹ போல ஆகிவிடுகிறது. மகிபாலன்பட்டி என்று எங்கள் பக்கத்தில் ஊரே இருக்கிறது. ஹ போடாமலே எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள். உயிருக்கு நடுவே வரும் ச-வும் ஸ போலவே ஒலிக்கும். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த மேசையை யாரும் 'மேஸை' என்று எழுதுவதில்லை.

ஆனால் அதே காரணத்தால்தான் சில இடங்களில் கிரந்தத்தை எடுக்க முடியாது. உயிருக்கு நடுவேயும் ல் போன்ற மெய்யை அடுத்தும் ச போட்டால் ஸ ஒலி வந்துவிடும் என்றால், அங்கே ஜ ஒலிக்கு ச உதவாது. 'பெல்ஜியம் கண்ணாடி' என்று எங்கள் ஊர் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். அதைப் 'பெல்சியம்' என்று எழுதினால், அந்த நாட்டின் பெயரை முன்பின் கேட்டிராத பையன் ஸ போட்டுத்தான் வாசிப்பான். சொல்லின் கடைசியில் நிற்கும் ஸ் இன்னும் மோசம். ச் என்று தமிழ்ச் சொல் முடியாது, அதனால் உகரம் சேர்க்க வேண்டும். பஸ்ஸுக்கு உகரம் சேர்த்தால் பசு நிற்கிறது. அங்கே ஒன்று ஸ் போட வேண்டும், அல்லது பேருந்து என்று சொல்லையே மாற்ற வேண்டும். நடுவில் வழி இல்லை.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஒரு பத்திரிகை வேலை. மாப்பிள்ளையின் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கையெழுத்துப் படியைக் கொடுக்கும்போதே, "தம்பி, இதுல ஒரு வடவெழுத்து இருக்கப்படாது" என்றார். மாப்பிள்ளைக்கு ஹூஸ்டனில் வேலை. பெண் பெயர் தேஜஸ்வினி. பங்காளிகள் பட்டியலில் ஷண்முகம், ஹரிஹரன், ராஜேஸ்வரி, ஜானகி எல்லாம் உண்டு. அவர் சொன்னபடியே மாற்றி முதல் மெய்ப்பு எடுத்துக் கொடுத்தோம். பெண் 'தேசசுவினி' ஆகியிருந்தாள். ஹூஸ்டன் 'ஊசுடன்' ஆகியிருந்தது. படிக்கிறவர்கள் 'ஊசு உடன்' என்று பிரித்துப் படித்துவிட்டு, எது உடன் என்று கேட்டார்கள். பெண்ணின் தகப்பனார் மெய்ப்பைப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளை பேரு இதுல இல்லையேண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐயா அசையவில்லை. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியம் சொன்னார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன்: "ஐயா, அடுத்த அடியும் இருக்கே, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மேன்னு." நூற்பா வடவெழுத்தை விடச் சொல்கிறது, உண்மை. ஆனால் விட்ட பிறகு அந்தச் சொல் தமிழ் எழுத்தோடு புணர்ந்த சொல்லாக ஆக வேண்டும். ஜ இருந்த இடத்தில் ச-வைச் செருகுவதோடு அந்த வேலை முடிவதில்லை. சொல்லையே தமிழ் நாக்குக்கு வார்த்தெடுக்க வேண்டும்.

அந்த வார்ப்பு எப்படி என்று நன்னூல் சொல்கிறது, அதுவும் இடம் பார்த்துத்தான் சொல்கிறது. ஷ முதலில் வந்தால் ச, இடையில் வந்தால் ட: ஷண்முகன் சண்முகன் ஆவான், விஷம் விடம் ஆகும். ஹ முதலில் வந்தால் மறைந்து உயிர் மட்டும் நிற்கும், இடையில் வந்தால் க ஆகும்: ஹரன் அரன், மோஹம் மோகம். ஜ இடையில் ய ஆவதும் உண்டு: பங்கஜம் பங்கயம். ஸ சில இடத்தில் த ஆகும்: மாஸம் மாதம். கம்பன் கைப்பட்ட பெயர்களைப் பாருங்கள்: அனுமன், அகலிகை, சானகி, வீடணன், இலக்குவன், இரணியன். எல்லாவற்றிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. எங்கள் நகரத்தார் கோயில்களில் ஒன்று இருக்கிற ஊரின் பெயரே இரணியூர்.

இத்தனை அழகாக மாற்ற முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வீடணன் என்றால் யார் என்று கேட்கிறவனுக்கு முன்பே தெரியும். கதை தெரியும், எழுத்து கொஞ்சம் நகர்ந்தாலும் ஆள் நகர மாட்டான். தேஜஸ்வினியைப் பத்திரிகை வாங்குகிற பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்த எழுத்து மட்டும்தான் ஆதாரம். பழகிய சொல்லுக்குத் தமிழ் வடிவம் இருந்தால் அதைத் தயங்காமல் எடுங்கள். புதிதாக வரும் பெயருக்கு, கேட்டே இராத ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறையச் சரியாகப் படித்தால் கிரந்தம் வேண்டாம். வேறு சொல்லாகவோ வேறு ஆளாகவோ காதில் விழுந்தால் வேண்டும். நாங்கள் அச்சகத்தில் அப்படித்தான் செய்கிறோம், பைண்டிங் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம்.

கடைசியில் அந்தப் பத்திரிகை எப்படி அச்சானது என்று சொல்கிறேன். ஷண்முகம் சண்முகம் ஆனார், அவர் கையெழுத்தே அப்படித்தான். ஹரிஹரனை ஐயா 'அரிகரன்' என்றார். அது பழைய முறைப்படி சரி, படிக்கவும் வரும், ஆனால் உடையவரிடம் போனில் கேட்டபோது வேண்டாம் என்றார், அதனால் ஹரிஹரன் என்றே விட்டுவிட்டோம். ராஜேஸ்வரியை 'இராசேசுவரி' என்று எழுதலாம், எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆச்சிக்கு அது பிடித்திருந்தது, போட்டோம். ஜானகி ஜானகியாகவே இருந்தார். தேஜஸ்வினியில் எதையும் தொடவில்லை. ஹூஸ்டனை மட்டும் ஐயா ஒப்பவே இல்லை. ஊரை எடுத்துவிட்டு 'அமெரிக்கா' என்று போடச் சொன்னார். அதுவும் ஒரு நல்ல வழிதான், எனக்குக் குறை இல்லை.

ஒன்றில் மட்டும் நான் ஐயாவை எதிர்த்து உறுதியாக நின்று வாதாடினேன். அவர்கள் குடும்ப விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரிசையாகப் போடும் முன்னோர்களின் முன்னெழுத்துகள், 'லெ.' என்று தொடங்கும். முப்பாட்டனார் லெட்சுமணன் செட்டியார். ஐயா அதை இலக்குமணன் ஆக்கி, முன்னெழுத்தை 'இல.' என்று மாற்றச் சொன்னார். லெட்சுமணனில் ஒரு கிரந்த எழுத்தும் இல்லையே, ஏன் மாற்ற வேண்டும்? க்ஷ என்பதை ட்ச ஆக்கியது நம் வாய்தான். மீனாட்சியும் விசாலாட்சியும் வந்த வழி அது. லகரத்துக்கு எகரம் கொடுத்ததும் இந்த மண்ணின் பேச்சுதான். வெளியூர்ப் பங்காளி பத்திரிகையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது விலாசத்தை. 'இல.' என்று இருந்தால் இது நம் வீட்டு விசேஷம் இல்லை என்று ஓரமாக வைத்துவிடுவார். ஆச்சிமார் எல்லாரும் ஒன்றாகச் சொன்ன பிறகுதான் ஐயா விட்டார்.

விசேஷம் என்றதும் இன்னொன்று. 'விஷேசம்', 'விஷேஷம்' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். முதலில் ச, பிறகு ஷ, அதுதான் சரி. தமிழாக்கினால் விசேடம். கிரந்தம் போட்டால் படித்தவர் மாதிரி இருக்கும் என்று தேவையில்லாத இடத்தில் போடுவதும், எல்லா இடத்திலும் பிடுங்குவதும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகிறது. இரண்டிலும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை பெயரையும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்டுச் சரிபார்க்கிற வேலைக்கு எங்கள் தொழிலில் தனிக் கூலி கிடையாது. தாளுக்குக் காசு, அச்சுக்குக் காசு, மெய்ப்புக்கு மட்டும் 'அதையும் பார்த்துருங்க' என்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் மெய்ப்புப் படத்தை வாங்கி, பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் 'ஓகே' என்று அனுப்பிவிட்டு, அச்சான பிறகு ஒரு பெயர் தவறு என்று வந்து நிற்கிறார்கள். அப்போது பழி அச்சகத்துக்குத்தான். ஒரு பெயரை எப்படி எழுதுவது என்று இவ்வளவு சண்டை போடுகிற ஊர், அதைச் சரியாக எழுதித் தருகிறவனின் உழைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதுவது என்னவென்று தெரியவில்லை, ஆனால் எதுவானாலும் எடுத்த முடிவை அந்தத் தாள் முழுக்க ஒரே மாதிரி வையுங்கள். மேலே ராஜா என்றும் கீழே ராசா என்றும் இருந்தால், உறவு தெரியாதவர்கள் இரண்டு பேர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முடிந்தால், பெயரை உடையவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு எழுதுங்கள்.