குழந்தைக்கு வேர்க்குரு: இரண்டு நாள் குளிர வைத்துப் பார்த்த பிறகு

இந்த முறை வந்த கேள்விகளில் வேர்க்குரு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கடலோர ஊர்க்காரர்கள் கேட்டவை. அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்வதால் வியர்வை காயவே காயாது.

என் மகளுக்கு மூன்று மாதம். கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தூளியில்தான் போடுகிறோம். பத்து நாளாகியும் குறையவில்லை. ஏன்?

நீங்கள் சொல்லும் இடங்களை வைத்துப் பார்த்தால் வேர்க்குருதான் என்று தோன்றுகிறது. பச்சைக் குழந்தைக்கு வியர்வை வெளியே வரும் குழாய்கள் இன்னும் முழுதாகத் தயாராகியிருக்காது. அவை எளிதில் அடைத்துக்கொள்ளும். வெளியே வர முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால்தான் அந்த இடம் சிவந்து பொரிகிறது. எனவே வைத்தியம் இரண்டே: வியர்ப்பதைக் குறைக்க வேண்டும், அடைப்பை நீக்க வேண்டும். நீங்கள் அன்போடு செய்வதில் சில விஷயங்கள் இதற்கு நேர் எதிராகப் போகின்றன.

முதலில் எண்ணெய். அது தோலின் மேல் படிந்து வியர்வைக் குழாய்களின் வாயை இன்னும் மூடுகிறது. வேர்க்குரு அடங்கும்வரை எண்ணெயை முழுக்க நிறுத்துங்கள். அடுத்தது பவுடர். கழுத்து மடிப்பில் வியர்வையோடு கலந்து பசையாகி உருண்டு நிற்கும். மூன்றாவது தூளி. சேலைத் துணி இரண்டு பக்கமும் முதுகோடு ஒட்டிச் சுற்றிக்கொள்வதால் காற்று உள்ளே போக இடமில்லை. பகலில் தரையில் பாய் விரித்து, அதன் மேல் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ரப்பர் ஷீட் போடுவதாக இருந்தால் இடுப்புக்குக் கீழே மட்டும் சின்னதாகப் போதும். முதுகு முழுக்க ரப்பர் மேல் கிடந்தால் அங்கே வேர்க்குரு வராமல் இருக்காது.

காலை ஒரு முறை, மாலை ஒரு முறை உடல் சூட்டை விடக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் ஐந்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். சோப்பு தினம் ஒரு தடவை, அதுவும் மென்மையானதாகக் கொஞ்சம். குளித்ததும் கழுத்து மடிப்பை மெல்ல விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பால் வழிந்து மடிப்பில் தங்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் ஈரத்துணியால் ஒற்றி, காய விடுங்கள். குளித்தபின் சாம்பிராணிப் புகை வேண்டாம். கையில்லாத, கழுத்து இறுக்காத பருத்திச் சட்டை ஒன்று போதும். வீட்டுக்குள் பல நேரம் அதுவும் தேவையில்லை. நைலான் லேஸ் வைத்த சட்டை, பட்டுப் பாவாடை எல்லாம் விசேஷம் முடிந்ததும் உடனே கழற்றிவிட வேண்டியவை.

இப்படிச் செய்தால் முதல் நாளே புதிதாகப் பொரிவது குறையும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்கும், அப்புறம் தோல் லேசாக உரியும். உரிவதைப் பார்த்துப் பயந்து மறுபடி எண்ணெய் வைக்காதீர்கள். மூன்று நாள் ஒழுங்காகச் செய்தும் சிவப்பு அப்படியே இருந்தால், அது வேர்க்குரு இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏசி போடலாமா? சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். ஏர் கூலர் பரவாயில்லையா?

ஏசி போடலாம். 26 டிகிரி அளவில் வைத்து, காற்று நேராகக் குழந்தை மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளி வைரஸால் வருவது, குளிர்ந்த காற்றால் அல்ல. அதைப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லலாம். குழந்தைக்குச் சூடா குளிரா என்று பார்க்கக் கை காலைத் தொடாதீர்கள், அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

ஏர் கூலர் விஷயத்தில் மட்டும் கவனம். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. மதுரை, வேலூர் போன்ற வறண்ட வெயிலில் நல்ல பலன் தரும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மூடிய அறைக்குள் ஓட்டினால் ஈரப்பதம் ஏறி, வேர்க்குரு கூடும். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடுவதும் இதே கதைதான். அதைவிடச் சாதாரண மின்விசிறியும் திறந்த ஜன்னலும் மேல்.

வேர்க்குரு பவுடர், நுங்குத் தண்ணீர், சந்தனம்: எது நல்லது?

பெரியவர்களுக்கான வேர்க்குரு பவுடர் கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. சிலவற்றில் போரிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், மென்தால் இருக்கும். குழந்தையின் மெல்லிய தோல் வழியாக இவை உடலுக்குள் போகக்கூடும். எந்தப் பவுடராக இருந்தாலும் தூவும்போது மூச்சில் ஏறும் ஆபத்தும் உண்டு.

நுங்குத் தண்ணீர் தடவினால் அந்த நேரத்துக்குக் குளிர்ச்சி இருக்கும். தோல் புண்ணாகாமல் இருந்தால் தடவிச் சில நிமிடத்தில் கழுவிவிடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும். சந்தனம் பூசினால் காய்ந்து அடை போலப் படிவதால் நான் சொல்வதில்லை. குழந்தை அரிப்பில் தூங்க முடியாமல் தவித்தால் கலமைன் லோஷன் மெல்லியதாகத் தடவலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் எடுக்காதீர்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குச் சூடு தணியத் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

பிறந்து பத்து நாள். நெற்றியிலும் மார்பிலும் பனித்துளி போலக் குட்டிக் குட்டி நீர்க்கொப்புளம். சிவப்பே இல்லை.

இதுவும் வேர்க்குருவில் ஒரு வகைதான். அடைப்பு தோலின் மேல் பரப்பிலேயே இருப்பதால் சிவப்பதில்லை. துணிச் சுற்றைத் தளர்த்தினால் தானே உடைந்து காய்ந்துவிடும். ஆனால் அதைச் சுற்றிச் சிவப்போ, சீழோ, காய்ச்சலோ, பால் குடிக்காமையோ இருந்தால் அன்றே காட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் கொப்புளத்தோடு இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

டயபர் போடும் இடத்தில் தொடை இடுக்கு முழுக்கச் செக்கச்சிவப்பு. வேர்க்குருவுக்குச் செய்வதையே செய்தும் போகவில்லை.

மடிப்பின் ஆழத்தில் சிவப்பு பரவி, ஓரத்தில் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கிறதா? அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குக் குளிர வைத்தால் மட்டும் போதாது, பூஞ்சைக்கான களிம்பு வேண்டும். மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். அதுவரை நாள் முழுக்க டயபர் போடாமல், முடிந்த நேரமெல்லாம் திறந்து விடுங்கள்.

எட்டு மாதப் பையனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் பொரி. அம்மா அம்மை என்கிறார், மாமா வேர்க்குரு என்கிறார்.

வேர்க்குரு மட்டும் இருந்தால் காய்ச்சல் வராது. காய்ச்சலோடு பொரி என்றாலே வேர்க்குரு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சின்னம்மையில் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் கலந்து தெரியும். தலைமுடிக்குள்ளும் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் கொப்புளம் என்றால் கை கால் வாய் நோயாக இருக்கலாம். உள்ளங்கையில் பொரியோடு இரவில் அரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு என்றால் சொறி. வேர்க்குரு உள்ளங்கைக்குப் பொதுவாகப் போவதில்லை.

வேப்பிலை வைப்பது உங்கள் நம்பிக்கை, வையுங்கள். ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரைப் பொரியின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதும் சிவப்பு மறையாமல் நின்றால், அல்லது குழந்தை துவண்டுபோய், பால் குடிக்காமல், சிறுநீர் குறைந்திருந்தால், இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், வந்துவிட்டால் பொரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே கிளம்ப வேண்டும்.