இன்டர்வியூவே நடக்கல, அதுக்குள்ள "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"ன்னு கேட்டா

அம்மா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணுக்கு ரெக்ரூட்டர் கிட்ட இருந்து ஃபோன் வந்திருக்கு, வேலை என்னன்னு முழுசா சொல்றதுக்குள்ள "எக்ஸ்பெக்டட் எவ்வளவு?"ன்னு கேட்டுட்டாங்க, அவ திணறி "யோசிச்சு நாளைக்கு சொல்றேன்"னு வச்சுட்டா. அதுல இருந்து வீட்டுல ஆளாளுக்கு ஒரு நம்பர். "நாளைக்கு சொல்றேன்"னு சொன்னதால வாய்ப்பு போயிடுமோன்னு பயப்படறீங்க. போகாது, ரெக்ரூட்டருங்க தினம் கேக்கற பதில்தான் அது. ஆறுதல் இதோட போதும், இனிமே நான் சொல்றது உங்க தம்பிக்குப் பிடிக்காது.

மாமா சொல்றாரு, இப்ப வாங்கறதுக்கு மேல 30 சதவீதம் கேளு, பெரிய கம்பெனி, அந்தப் பேரு ரெஸ்யூமேல இருந்தா போதும்னு. சித்தப்பா சொல்றாரு, கம்மியா சொல்லி உள்ள போயிடு, அப்புறம் ஏத்திக்கலாம்னு. ரெண்டு பேருமே அந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு தெரியாமத்தான் பேசறாங்க. ஆனா கேக்கற ரெக்ரூட்டருக்கு அது பெரும்பாலும் தெரியும். ஆள் எடுக்க மேனேஜர் அனுமதி வாங்கும்போதே இந்த லெவல், இந்தச் சம்பள பேண்ட், இவ்வளவு பட்ஜெட்னு எழுதிடுவாங்க, அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டுதான் உங்க பொண்ணுக்கு ஃபோன் பண்றாங்க. பட்ஜெட்டுக்கு மேல கேக்கறவங்களை முதல்லயே தள்ளி வைக்கறதுக்குத்தான் இந்தக் கேள்வி, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பட்ஜெட்டுக்குக் கீழ கேட்டா "இன்னும் கொஞ்சம் கேளும்மா"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்க சிஸ்டத்துல எக்ஸ்பெக்டட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஏறின நம்பர் ஆஃபர் போடற அன்னிக்கு வரைக்கும் கூடவே வரும். சித்தப்பா சொல்ற "அப்புறம் ஏத்திக்கலாம்" அங்கதான் அடிபடும், அப்புறம் வர்ற இன்க்ரிமென்ட் எல்லாம் அந்தச் சின்ன நம்பர் மேல ஒரு சதவீதமாத்தான் வரும்.

இந்த 30 சதவீதத்தை உங்க பொண்ணோட கணக்குல வச்சுப் பாப்போம். நீங்க அனுப்பின விவரத்தை, கையில வர்ற மாசச் சம்பளம் 100னு வச்சு மாத்திக்கறேன், புரிய சுலபமா இருக்கும். பிடித்தம் சுமார் 15 சதவீதம், அப்படின்னா பிடித்தத்துக்கு முன்னாடி அவ சம்பளம் 118. அதுல வேரியபிள்னு நிச்சயம் இல்லாத பகுதி எதுவும் இல்ல, முழுக்க ஃபிக்ஸட். புது வேலை வேற ஊர்ல. இப்ப வீட்டுல இருந்து போயிட்டு வர்றா, அங்க போனா தங்கற இடத்துக்கு 20, சாப்பாடு மத்ததுக்குக் கூடுதலா 8, ஊருக்கு வந்து போக 2. ஆக கையில 130 வந்தாதான் அவ இன்னிக்கு இருக்கற அதே நிலைமையில இருப்பா, ஒரு பைசா முன்னேற்றம் இல்லாம.

மாமா சொன்ன 30 சதவீதம் ஏத்தினா பேக்கேஜ் 153. கேக்க நல்லாத்தான் இருக்கு. அதுல 10 சதவீதம் வேரியபிள்னு வச்சா (அந்த மாதிரி கம்பெனியில இருக்கும், வருஷக் கடைசியில வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம்) ஃபிக்ஸட் 138தான். பிடித்தம் போக கையில 117. வேண்டியது 130. மாசா மாசம் 13 குறையுது, ஆனா சொந்தக்காரங்க கிட்ட "30 பர்சென்ட் ஹைக்"னு சொல்லிக்கலாம். கையில 130 வரணும்னா ஃபிக்ஸட் 153 வேணும், 10 சதவீத வேரியபிளோட சேர்த்தா பேக்கேஜ் 170. சம்பளம் ஏறும்போது வரியும் கொஞ்சம் ஏறும், அதனால 170ஐயும் கறாரா எடுத்துக்காதீங்க, இன்னும் சற்று மேலதான் இருக்கும். இதுக்குக் கீழ வந்தா வேண்டாம்னு சொல்ற கோடு இது, இதை ரெக்ரூட்டர் கிட்ட எந்தக் காரணத்துக்கும் சொல்லக் கூடாது, இது வீட்டுக்குள்ள இருக்கற நம்பர். இந்த இடத்துல நான் விட்டுக் கொடுக்கறதா இல்ல, கம்பெனி பேருக்காக பொண்ணு மாசம் 13 கைக்காசு போட்டு வேலை பாக்கணும்னா அந்த 13ஐ மாமா கொடுக்கட்டும்.

சரி, அப்போ நாளைக்கு என்ன சொல்றது? "நெகோஷியபிள்", "கம்பெனி ஸ்டாண்டர்ட் படி" இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச பதில், அதுல போய் நேரம் போக்க வேண்டாம், அடுத்த வரியிலயே "இருந்தாலும் ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னு வந்துடும். நம்ம வீடுகள்ல யாருக்கும் தோணாத வழி ஒண்ணு இருக்கு, கேள்வியைத் திருப்பி அவங்க கிட்டயே கேக்கறது. மரியாதைக் குறைவா போயிடுமோன்னு நினைக்கறோம், ஆனா இது சாதாரணக் கேள்விதான். ஐரோப்பிய யூனியன் 2023ல கொண்டு வந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதி, ஆரம்பச் சம்பளத்தையோ ரேஞ்சையோ இன்டர்வியூக்கு முன்னாடியே விண்ணப்பிக்கறவங்களுக்குத் தெரிவிக்கணும், பழைய சம்பளத்தைக் கேக்கக் கூடாதுன்னே சொல்லுது. அந்த விதி உங்க பொண்ணு விண்ணப்பிக்கற இடத்துக்கு இல்லாட்டியும், கேக்கறது வழக்கத்துல இல்லாத காரியம் இல்லன்னு புரிஞ்சா போதும்.

அவ பேச வேண்டியது இவ்வளவுதான்: "இந்த ரோல்ல எனக்கு ஆர்வம் இருக்கு. வேலையோட அளவு இன்னும் முழுசா தெரியல, அதனால இப்ப ஒரு நம்பர் சொன்னா சரியா இருக்காது. இந்த லெவலுக்கு என்ன ரேஞ்ச் ஒதுக்கியிருக்காங்கன்னு சொன்னீங்கன்னா, நமக்குள்ள ஒத்து வருமான்னு இப்பவே சொல்லிடறேன்." சொல்லிட்டு நிறுத்தணும். இந்த நிறுத்தறதுதான் கஷ்டம், எதிர்ல ரெண்டு செகண்ட் சத்தம் இல்லன்னா நம்ம பிள்ளைங்க பயந்து தானே ஒரு நம்பரை உளறிடுவாங்க. உளறக் கூடாது. பாதிப் பேர் இந்த இடத்துல ரேஞ்சைச் சொல்லிடுவாங்கன்னு நான் சத்தியம் பண்ணல, ஆனா கேட்டதுக்காக ஃபோனை வச்சவங்களை நான் பாத்தது இல்ல.

"அது இன்டர்வியூ பெர்ஃபார்மன்ஸ் பொறுத்து"ன்னு நழுவினா இன்னொரு தடவை கேக்கலாம், "கண்டிப்பா, ஆனா பேண்ட் எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்ல முடியுமா, அதுல ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு?" ஆரம்பம் தெரிஞ்சாலே உங்க 170க்குப் பக்கத்துலயா தூரத்துலயான்னு தெரிஞ்சுடும். ரேஞ்ச் சொல்லிட்டாங்கன்னா, உதாரணமா 160ல இருந்து 210, சந்தோஷத்துல "ஓ, அப்படியா!"ன்னு குரல் மாறக் கூடாது, உடனே 210ன்னு பிடிச்சுக்கவும் கூடாது, ஆஃபர் பெரும்பாலும் நடுவுலயோ அதுக்குக் கீழயோதான் வரும், மேல் நுனியை அடுத்த இன்க்ரிமென்ட்டுக்குன்னு விட்டு வைப்பாங்க. "இந்த ரேஞ்சுக்குள்ள பேசலாம், ரவுண்ட் முடிஞ்சதும் குறிப்பிட்ட நம்பர் சொல்றேன்", அதோட விட்டுடணும். மேல் நுனியே 150னு சொன்னா நன்றி சொல்லி அங்கயே முடிச்சுக்கலாம், மூணு ரவுண்ட் லீவு போட்டுப் போய் வந்து கடைசியில அதே 150ஐக் கேக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

நம்பர் சொன்னாதான் ப்ரொஃபைல் அனுப்ப முடியும்னு சொல்றவங்களும் உண்டு, முக்கியமா வெளி கன்சல்டன்சி ஆளுங்க. பல சமயம் அது மிரட்டல் இல்ல, அவங்க நிரப்பற தாள்ல அந்தக் கட்டம் காலியா இருந்தா மேல போகாது. அப்ப ரேஞ்சாச் சொல்லலாம், ஆனா ரேஞ்ச் சொன்னா கேக்கறவங்க காதுல கீழ் நம்பர்தான் விழும். அதனால கீழ் நம்பரே அவ மனசார ஒத்துக்கற நம்பரா இருக்கணும், 185ல இருந்து 205ன்னு சொல்லலாம், 170ன்னு ஆரம்பிச்சா பேரம் அதுக்குக் கீழ போய் நிக்கும். கூடவே இது வேரியபிளும் சேர்ந்த மொத்தமா, வெறும் ஃபிக்ஸடான்னு சொல்லியே ஆகணும், நம்ம கணக்குல மொத்தம். ஃபோன் வச்ச அடுத்த நிமிஷமே ரெண்டு வரி மெயில், "நான் சொன்னது மொத்தப் பேக்கேஜ் 185 முதல் 205, ஃபிக்ஸட் 90 சதவீதம்னு வச்சு சொன்னேன், ரோல் விவரம் தெரிஞ்சதும் மாறலாம்". கன்சல்டன்சிக்காரர் மேல அனுப்பும்போது நம்பரைக் குறைச்சு எழுதறது நடக்கற விஷயம்தான், அப்ப கடைசியில "நீங்க 160தானே கேட்டீங்க"ன்னு எச்.ஆர். சொல்லும்போது காட்ட இந்த மெயில் இருக்கும். ஆன்லைன் ஃபார்ம்ல நம்பர் கட்டாயம்னா சில பேர் 0, 1ன்னு போடச் சொல்லுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, வடிகட்டற செட்டிங்ல மாட்டி வெளிய போயிடலாம். 190ன்னு போட்டு, குறிப்பு எழுத இடம் இருந்தா பேசித் தீர்மானிக்கலாம்னு எழுதட்டும்.

இது செல்லாத இடமும் உண்டு. எல்லா ஃப்ரெஷருக்கும் ஒரே சம்பளம்னு அறிவிச்சு எடுக்கற இடத்துலயும், அரசு மாதிரி லெவல் வாரியா நிர்ணயிச்ச இடத்துலயும் திருப்பிக் கேக்க ஒண்ணும் இல்ல.

அப்புறம் மாமா இன்னொண்ணு சொன்னதா எழுதியிருந்தீங்க, இப்ப வாங்கறதையே கூட்டிச் சொல்லிடலாம்னு. அது மட்டும் வேண்டவே வேண்டாம். எக்ஸ்பெக்டட் அவ விருப்பம், கரண்ட் சேலரி ஆதாரம் உள்ள விஷயம், ஆஃபருக்கு முன்னாடி பே ஸ்லிப் கேப்பாங்க, பொருந்தலன்னா கொடுத்த ஆஃபரைக் கூடத் திரும்ப வாங்கிப்பாங்க. சொல்ல விருப்பம் இல்லன்னா "எதிர்பார்ப்பைப் பத்தி மட்டும் பேசலாமே"ன்னு சொல்லட்டும், இல்ல உண்மையைச் சொல்லட்டும்.

ஒரு விஷயம் நீங்க போற போக்குல எழுதினது, ஆனா எனக்கு அதுதான் பெருசாப் பட்டுச்சு. இந்த வேலை டேட்டா பக்கம், அவளுக்கு டெஸ்டிங்ல இருந்து அங்க போகணும்னு ஆசை, அதுக்காக கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு சொல்றா. அப்படின்னா அந்தக் கோட்டை 170ல வைக்கறதா 160க்கு இறக்கறதாங்கறது அவ முடிவு, சேமிப்புல எவ்வளவு விட்டுக் கொடுக்கத் தயார்னு அவளுக்குத்தான் தெரியும். நீங்க அந்த 20, 8, 2 சரியான்னு மட்டும் அவகூட உக்காந்து பாருங்க, தங்கற இடத்துக்கு முன்பணம் எவ்வளவு கேப்பாங்கன்னும் விசாரிச்சு வைங்க, அது இந்த மாசக் கணக்குல வரல. நாளைக்கு ஃபோனை அவளே தனியா எடுக்கட்டும், ஸ்பீக்கர்ல போட்டு மாமாவைப் பக்கத்துல உக்கார வைக்காதீங்க. ரேஞ்ச் சொன்னதும் எனக்கு அனுப்புங்க, ஃபிக்ஸட் எவ்வளவுன்னு பிரிச்சு.