யோகா ஆசிரியருக்குக் குந்தியிருக்கிற எலும்படியில் நோ

“கிளிநொச்சியில நாளுக்கு நாலு யோகா வகுப்பு எடுக்கிறன். மூண்டு மாசமா, குந்தியிருக்கிற எலும்படியில நோ. இழுத்து நீட்டினா அப்ப சுகம், அடுத்தநாள் கூடுது. வகுப்பை விட்டா வருமானம் இல்லை.”

வகுப்பை விடவேண்டாம். முன்குனிவைச் செய்து காட்டுறதையும் இழுத்து நீட்டுறதையும் மட்டும் நிப்பாட்டுங்கோ.

பின்தொடைத் தசைநாண் அந்த எலும்பிலதான் தொடங்குது. முழங்கால் மடக்காமல் குனியேக்க அது எலும்போட நெரிபடும். மாணவருக்கு ஒரு வகுப்பு, உங்களுக்கு நாலு; அதுவும் உடம்பு சூடேறாமல். நீட்டினால் வாற சுகத்தை நம்பி இன்னும் நீட்டுறதாலதான் இது மாசக்கணக்கா இழுபடுது.

மரக்கதிரையில அரைமணி நேரம் இருந்து பாருங்கோ. ஒற்றை விரலால தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில நொந்தால் பெரும்பாலும் இதுதான்.

சேதுபந்தாசனத்தில குதியைக் கொஞ்சம் தள்ளி வைச்சு, 30 விநாடி அசையாமல் நில்லுங்கோ, ஐந்து தரம். அடுத்தநாள் நோ கூடியிருந்தால் நேரத்தைக் குறையுங்கோ. ஆற 3 முதல் 6 மாதம் பிடிக்கும். அதுவரை பச்சிமோத்தானாசனத்தை வாயால சொல்லிக் குடுங்கோ. நல்லாச் செய்யிற மாணவர் ஒருவரை முன்னுக்கு விடலாம்.

கால் விறைச்சாலோ, நோ முழங்காலுக்குக் கீழ இறங்கினாலோ அது நாரி நரம்பாயிருக்கலாம், வைத்தியரிட்டக் காட்டுங்கோ. ‘டக்’ எண்டு அறுந்தமாதிரி இருந்து தொடை கண்டிப்போனால் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.