‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்டுவிட்ட பிறகு

(பதில்கள்: மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றும் மனநல ஆலோசகர்)

பள்ளி ஆசிரியை, மதுரை: வளைகாப்புப் பந்தியில் பக்கத்தில் இருந்த இளைய ஆசிரியையிடம் வினாத்தாள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “உனக்கு எப்போது விசேஷம்?” என்று கேட்டேன். “இரண்டு மாதத்துக்கு முன் கலைந்துவிட்டது அக்கா” என்றாள். ஆறேழு முறை மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அவள்தான் என்னைத் தேற்றினாள். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் முதல் மன்னிப்பே அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு சொன்னவையெல்லாம் உங்கள் தவிப்பைத் தணிக்கச் சொன்னவை. “பரவாயில்லை அக்கா” என்று அவள் இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தபோதே சுமை அவள் தலைக்கு மாறிவிட்டது.

“தெரியாமல் கேட்டுவிட்டேன் அம்மா, கேட்டிருக்கக் கூடாது. உனக்கு இப்படி நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது.” இவ்வளவு போதும். அதன்பின் இரண்டு மூன்று வினாடி பேசாமல் இருங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். மௌனம் பொறுக்காமல், “கடவுள் இன்னொன்று கொடுப்பார்” என்று சொல்லிவிடுகிறார்கள். இழந்ததை நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு அது இன்னொரு அடி.

அந்த மௌனத்தில் அவள் உங்கள் பக்கம் திரும்பிப் பேசினால் கேளுங்கள். எத்தனையாவது வாரம், ஏன் கலைந்தது என்று துருவாதீர்கள். இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசையத் தொடங்கினால் அவள் பேச விரும்பவில்லை. “ரசம் கேட்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, முன்பு பேசிக்கொண்டிருந்த வினாத்தாள் விஷயத்துக்கே திரும்புங்கள். புதிதாகக் கலகலப்பை வரவழைத்தால், தப்பி ஓடுகிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்: புண்ணைக் கிளறுவானேன்? சட்டென்று பேச்சை மாற்றிவிடுவதே மரியாதை.

பதில்: பந்தியில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்றால் நீங்கள் சொல்வது சரி, ஐயா. அங்கே ஒரு வார்த்தையோடு நிறுத்தி, கை கழுவும் இடத்தில் தனியாகச் சொல்லலாம். ஒன்றுமே சொல்லாமல் மாற்றினால், இழப்பைச் சொன்னதே தவறோ என்று அவளுக்குத் தோன்றும். பெரும்பாலான கருச்சிதைவுகள் முதல் 12 வாரங்களுக்குள், வீட்டார் வெளியில் சொல்லும் முன்பே நிகழ்கின்றன. அவள் வாய் திறந்து சொன்ன சிலரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

இல்லத்தரசி, ஈரோடு: என் மாமியார் ஒவ்வொரு விசேஷத்திலும் இதையே கேட்டுவிட்டு, “தெரியாமல் கேட்டேன்” என்கிறார். நான் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தெரிந்த பிறகும் கேட்பது வாய் தவறியது ஆகாது. நான் மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. “அத்தை, இதைக் கேட்டால் எனக்கு வலிக்கிறது” என்று உங்கள் கணவர் இருக்கும்போதே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மாமியார் நிறுத்துவாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மீண்டும் மதுரை ஆசிரியை: இப்போது அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாமா?

பதில்: ஒரே ஒரு செய்தி, பதில் எதிர்பார்க்காததாக: “அன்று நான் பதறி உன்னையே தேற்ற வைத்துவிட்டேன். பதில் எழுத வேண்டாம். திங்கட்கிழமை வழக்கம்போல் சேர்ந்து சாப்பிடலாம்.” நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை அவள் வேறு மேசைக்குப் போனாலும், அவளுக்கு இடம் வைத்திருங்கள்.