மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து போடலாமா?

"பாலக்கோட்டில் மச்சான் டெம்போ வாங்க 4 லட்சம் லோன் எடுக்கிறார், சும்மா சாட்சிக் கையெழுத்துதான் என்கிறார். போடலாமா?"

சாட்சி வேறு, ஜாமீன் வேறுங்க. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், அசல், வட்டி, செலவு என்று மச்சானுக்குள்ள பொறுப்பு முழுக்க உங்களுக்கும் உண்டு, முதலில் அவரிடம்தான் வசூலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. காவேரிப்பட்டணத்தில் மாமா மகனுக்குப் போட்டேன், 5 தவணை நின்றதும் நோட்டீஸ் என் வீட்டுக்கே வந்தது. "அவனைக் கேளுங்க சார்" என்றதற்கு மேனேஜர் என் கையெழுத்தைத்தான் காட்டினார். 62,000 கட்டினேன், சிபில் ஸ்கோரும் இறங்கியது.

மறுக்க முடியாதென்றால், சரி, "இவ்வளவு ரூபாய் வரைதான்" என்று பத்திரத்திலேயே எழுதக் கேளுங்கள். கட்ட நேர்ந்தால் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள், அந்தப் பணத்தை மச்சானிடம் சட்டப்படி திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம்.