கடைமடைத் தண்ணீர் பற்றி வினாப்பட்டியல்: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: புவியியல் புராஜெக்டுக்கு எங்கள் ஊர் வாய்க்கால் பாசனம் பற்றி 40 வீடுகளில் சர்வே எடுக்கப் போகிறேன். வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டீக்கடையில் நின்று கேட்டுவிடாதீர்கள். அங்கே கிடைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நாற்று நடப் போன பெண்களின் பதில் வராது.

முதலில் விவசாயக் குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்து, வயல் இருக்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள். தலைமடையில் 120, நடுவில் 72, கடைமடையில் 48, ஆக 240 என்று வையுங்கள். ஆறில் ஒன்று எடுத்தால் 20, 12, 8. இதுதான் அடுக்கு மாதிரி. ஒன்று முதல் ஆறு வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். மூன்று வந்தால் 3, 9, 15 என்று போகலாம்.

ஆனால் தலைமடையையும் கடைமடையையும் ஒப்பிட எட்டு வீடு போதாது. கடைமடையில் மட்டும் மூன்றில் ஒன்றாக 16 எடுங்கள். அப்போது மொத்தம் 48 ஆகும். ஊர் முழுவதற்கும் சராசரி போடும்போது கடைமடை வீட்டுக்குப் பாதி எடை கொடுக்க வேண்டும்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல், சாயங்காலம் திரும்பி வாருங்கள். பகலில் பூட்டிய வீடு பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள் வீடு.

அப்புறம் கேள்வி. “மேட்டூர் தண்ணீர் வராததால் குறுவை பாதித்ததா?” என்றால் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள். “போன குறுவையில் வாய்க்கால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது?” என்று கேளுங்கள். “வாய்க்காலை நம்பவில்லை, போர்வெல்தான்” என்ற விடைக்கும் ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லாவிட்டால் பம்புசெட்காரர்கள் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.