சாவி ஒன்று தொலைந்துவிட்டது, எந்த சிலிண்டர் வாங்குவது?

"வாசற்கதவின் இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம், சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். பூட்டையும் சாவியையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதை வாங்குவது?"

படத்தைப் பார்த்ததும் வகை தெரிந்துவிட்டது. சாவி நுழையும் முகத்தில் மேலே ஒரு வட்டம், அதற்குக் கீழே நேராக இறங்கி வளைந்து முடியும் வால். இது யூரோ ப்ரொஃபைல் சிலிண்டர். உயரம் 33 மி.மீ., வட்டத்தின் விட்டம் 17 மி.மீ., வாலின் அகலம் 10 மி.மீ. யார் தயாரித்தாலும் இந்த மூன்று அளவும் மாறாது. அதனால் பழைய சிலிண்டரின் பிராண்டையே தேடி அலைய வேண்டியதில்லை. முகம் முட்டை வடிவிலோ வெறும் வட்டமாகவோ இருந்திருந்தால் கதையே வேறு.

படத்தில் தெரியாத ஒன்று நீளம். பெரும்பாலானோர் தவறுவது அங்கேதான். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். தாழ்ப்பாள் நாக்கு வெளியே வரும் உலோகப் பட்டையில், சிலிண்டர் இருக்கும் உயரத்திலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கும். சிலிண்டரைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். அந்த ஸ்க்ரூவின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, உள்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டிலும் கைப்பிடி பிளேட்டின் தடிமனும் சேர வேண்டும்.

என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய சிலிண்டரின் மொத்த நீளம் 70 மி.மீ. இருந்தது. அதை மட்டும் குறித்துக்கொண்டு போய், இரண்டு பக்கமும் 35 உள்ள சிலிண்டரை வாங்கி வந்துவிட்டார். மாட்டிப் பார்த்தால் வெளியே 3 மி.மீ. உள்வாங்கி, உள்ளே 6 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றது. பிறகு சேர்ந்து அளந்தோம். ஸ்க்ரூ மையத்திலிருந்து கதவின் வெளிமுகம் வரை 25, பிளேட் 13, ஆக 38. உள்பக்கம் 20, பிளேட் 9, ஆக 29. சிலிண்டர்கள் பொதுவாக ஐந்து ஐந்து மி.மீட்டராகத்தான் ஏறும். ஆகவே வெளியே 40, உள்ளே 30. இதுவும் மொத்தம் 70தான்!

வெளிப்பக்கம் பிளேட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காரணம் அந்த ஸ்க்ரூ துளைதான். சிலிண்டரில் உலோகம் மிகக் குறைவாக உள்ள இடம் அது. வெளியே நீட்டிய பகுதியைக் கருவியால் கவ்வி ஒடித்தால் சரியாக அங்கேதான் முறியும், பூட்டும் திறந்துகொள்ளும். உள்பக்கம் கொஞ்சம் நீண்டால் அவ்வளவு ஆபத்தில்லை.

கடையில் கேட்கும்போது "40/30" என்று மட்டும் சொல்லாமல், வெளியே 40, உள்ளே 30 என்றே சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி சாவித் துளை உள்ள சாதாரண சிலிண்டரைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகும் குமிழ் உள்ளதை வாங்கினால் திருப்ப முடியாது.

இருக்கும் ஒரு சாவியை பத்திரமாக வைத்திருங்கள், பழையதைக் கழற்ற அது தேவை. விளிம்பு ஸ்க்ரூவை முழுக்க எடுத்துவிட்டு வெறுமனே இழுத்தால் சிலிண்டர் வராது. நடுவில் இருக்கும் கேம் என்ற சிறு நாக்கு பக்கவாட்டில் நீண்டு தடுக்கும். சாவியைப் போட்டு லேசாகத் திருப்புங்கள். கடிகாரத்தில் ஐந்து நிமிடத் தூரத்துக்குள்ளேயே நாக்கு வாலோடு ஒரே கோட்டுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் வராவிட்டால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். அந்த இடம் கிடைத்ததும் சாவியைப் பிடித்தே சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெளியே எடுத்ததும் ஸ்க்ரூ துளையின் மையத்திலிருந்து இரு பக்கமும் இன்னொரு முறை அளந்து, முதல் கணக்கோடு ஒத்துப்பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

புதிய சிலிண்டரோடு அதற்கான சாவிகளும் வரும், பழைய சாவி அதற்குச் சேராது. தொலைந்த சாவியைப் பற்றிய கவலையும் அதோடு தீரும்.

அப்புறம், சாவியின் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். பற்களின் வெட்டு ஆழத்தைப் படத்திலிருந்தே கணக்கிட்டு நகல் வெட்ட முடியும். 2008இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். நீங்கள் அனுப்பியதை நான் அழித்துவிட்டேன். வகையைக் கண்டுபிடிக்கப் பூட்டின் முகமும் கதவு விளிம்பும் போதும்.

புதியதை மாட்டியதும் கதவைத் திறந்து வைத்தபடியே சாவியை இரு பக்கமும் நாலைந்து முறை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் விளிம்பு ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துங்கள். அளவுக்கு மீறி முடுக்கியதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். சாவி தடையில்லாமல் சுற்றிய பிறகே கதவைச் சாத்துங்கள்.